ஃபேரர் பார்க் திடலில் மூன்று உரைகள்
கேட்போர் கதையை எடைபோடும் முறை குறித்து

சிங்கப்பூரின் வடக்கே, ஜொகூர் நீரிணைக்கு அண்மையில், கிராஞ்சிக் குன்றின்மேல் போர் நினைவுச் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில் இறந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்களும் நாயக்குகளும் சுபேதார்களும் படைப்பிரிவு வாரியாக அங்கே இடம்பெற்றிருக்கிறார்கள். அதே இந்தியப் படையிலிருந்து விலகி, அதே போரில் எதிரணியில் நின்று இறந்தவர்களும் உண்டு. இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த அவர்களுக்கென 1945 ஜூலையில் எஸ்பிளனேடு கடற்கரையில் சுபாஷ் சந்திர போஸ் ஒரு நினைவுச்சின்னத்திற்கு அடிக்கல் நாட்டினார். சின்னம் எழும்பியது, ஆனால் செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் தகர்க்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் இருப்பது 1995இல் நாட்டப்பெற்ற ஓர் அடையாளப் பலகை மட்டுமே.

ஒரே கிராமத்தில் பிறந்து, ஒரே சத்தியப் பிரமாணத்தை எடுத்து, ஒரே உணவை உண்ட மனிதர்கள் ஒரே கிழமையில் எவ்வாறு இருவேறு முடிவுகளுக்கு வந்தார்கள்? வரலாற்று நூல்கள் இதற்குப் பல விடைகள் தருகின்றன. நாட்டுப்பற்று என்பர் சிலர். பசி என்பர் சிலர். சிறைமுகாமுக்கு அஞ்சியே சேர்ந்தனர் என்பர் வேறு சிலர். இம்மூன்றிலும் உண்மை உண்டு. எனினும் நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. அந்நாள்களில் அவர்கள்முன் பேசப்பட்ட சொற்களை அவர்கள் எந்த அளவுகோலால் அளந்தனர் என்பதே அது.

அளவுகோல் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது தருக்கம். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று படிப்படியாக ஏறி முடிவை அடைவது அதன் முறை. மணிமேகலையின் ஒரு காதை முழுவதும் இத்தகைய அளவையியலை விளக்குவதை நாம் அறிவோம். கிரேக்கர் காலந்தொட்டு மேற்குலகும் இம்முறையையே அறிவுடைய பேச்சின் இலக்கணமாகக் கொண்டுவந்தது. 1984ஆம் ஆண்டு அமெரிக்கத் தகவல்தொடர்பியல் அறிஞர் வால்ட்டர் ஃபிஷர் இதனை மறுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மனிதன் அடிப்படையில் கதை சொல்லும் உயிர் என்பது அவர் கருத்து. வாதமும் கணக்கும் சட்டமும்கூட ஒரு பெருங்கதைக்குள் பொருந்தும்போதுதான் நம்மை அசைக்கின்றன என்றார் அவர். இதுவே எடுத்துரைப்புக் கோட்பாடு எனப்படுகிறது.

அணு ஆயுதம் குறித்து அந்நாளில் நடந்த பொது விவாதமே அவரை இக்கருத்துக்கு இட்டுச்சென்றது. வல்லுநர்கள் ஒருவருக்கொருவர் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். தருக்கப் பயிற்சி இல்லாத பொதுமக்கள் வெறும் பார்வையாளராக ஒதுக்கப்பட்டார்கள். ஆனால் உண்மையில் அவர்கள் வாய்மூடி இருந்தாலும் தீர்ப்பு வழங்காமல் இருக்கவில்லை. அத்தீர்ப்புக்கு வேண்டிய திறனை எவரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. பாட்டியிடம் கதை கேட்ட காலத்திலேயே அது அமைந்துவிடுகிறது.

அத்திறன் இரண்டு வினாக்களாகச் செயற்படுகிறது என்கிறார் ஃபிஷர். முதலாவது இயைபு: இக்கதை தன்னளவில் ஒட்டி நிற்கிறதா? இதில் மூன்று கூறுகள் உண்டு. கதையின் பகுதிகள் ஒன்றையொன்று மறுக்காமல் இருக்க வேண்டும். இதே நிகழ்ச்சியைப் பற்றி நாம் கேட்ட பிற கதைகளோடு ஒப்பிடும்போது முக்கியமான ஒன்று மறைக்கப்பட்டிருக்கக் கூடாது. கதைமாந்தர் தம் இயல்புக்கு மாறாக நடக்கக் கூடாது. நேற்று கொடியவனாக இருந்தவன் இன்று காரணமின்றி நல்லவனானால் நாம் நம்புவதில்லை. இரண்டாவது வினா பொருத்தம்: நாம் பட்டு அறிந்த வாழ்க்கையோடு இக்கதை ஒத்துப்போகிறதா? இது முன்வைக்கும் விழுமியங்கள் நாம் போற்றும் விழுமியங்கள்தாமா? இவ்விரு வினாக்களுக்கும் ஆம் என்று விடை வருமாயின், வாதத்தில் ஓட்டை இருந்தாலும் கேட்போர் ஏற்கின்றனர். இல்லை என்று வருமாயின், வாதம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அவர்கள் அசைவதில்லை. பட்டிமன்றங்களில் அமர்ந்திருக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று. அரங்கம் எப்போது கைதட்டுகிறது என்பதைக் கவனித்தவர் அறிவர்.

இக்கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க நமக்கு வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை. சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலுள்ள ஃபேரர் பார்க் திடலே போதும்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. பிப்ரவரி 17ஆம் நாள் இந்தியப் படையினர் மட்டும் தனியே பிரிக்கப்பட்டு, பழைய குதிரைப் பந்தயத் திடலாக இருந்த ஃபேரர் பார்க்கில் கூட்டப்பட்டனர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சாங்கி நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். திடலில் கூடியவர் ஏறத்தாழ 45,000 பேர் என்று பொதுவாகக் கூறுவர். அங்கே மூன்று உரைகள் நிகழ்ந்தன.

முதலில் பேசியவர் பிரிட்டிஷ் தலைமையின் சார்பில் வந்த கர்னல் ஹண்ட். அவர் பேச்சு மிகச் சுருக்கமானது. நீங்கள் போர்க்கைதிகள், இனி ஜப்பானியரின் ஆணைக்குக் கீழ்ப்படியுங்கள் என்பதே அதன் சாரம். இரண்டாவதாகப் பேசியவர் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா இவைச்சி. அவர் ஜப்பானிய மொழியில் பேச, அது ஆங்கிலத்திலும் பின் இந்துஸ்தானியிலும் பெயர்க்கப்பட்டது. ஆசியா ஆசியருக்கே உரியது, நாங்கள் உங்களைக் கைதிகளாக அன்றி நண்பர்களாகவே எண்ணுகிறோம், உங்கள் நாட்டு விடுதலைக்கு உதவுவோம் என்றார். மூன்றாவதாகக் கேப்டன் மோகன் சிங் இந்துஸ்தானியில் பேசினார். அவர் பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர். 1941 டிசம்பரில் ஜித்ராப் போருக்குப் பின் பிடிபட்டவர். இந்திய விடுதலைக்கென ஒரு படை அமைக்கப்போவதாக அவர் அறிவித்தபோது திடலில் பெரும் ஆரவாரம் எழுந்தது.

இம்மூன்றையும் முதலில் தருக்கத்தின்படி நிறுத்துப் பார்ப்போம். படைவீரன் மன்னருக்குச் சத்தியம் செய்திருக்கிறான். கைதியானாலும் சத்தியம் நீங்குவதில்லை. ஆகவே எதிரியோடு சேர்தல் குற்றம். இந்த வாதம் கட்டமைப்பில் குறையற்றது. ஃபுஜிவாராவின் வாதமோ பலவீனமானது. ஆசியர் என்னும் ஒற்றுமை, ஆசியரான சீனர்மீது ஜப்பான் ஆண்டுக்கணக்கில் நடத்திவந்த போரை விளக்காது. வாதமே தீர்ப்பின் அளவுகோலாக இருந்திருப்பின், திடலில் எவரும் அசைந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அன்று முதலில் உடைந்தது சத்தியத்தின் கதையே. அதனை உடைத்தவர் ஜப்பானியரோ மோகன் சிங்கோ அல்லர். கர்னல் ஹண்டின் பேச்சே அதனை உடைத்தது. சத்தியத்தின் பின்னே ஒரு கதை இருந்தது: நீ எங்களுக்கு உண்மையாக இரு, நாங்கள் உன்னைக் காப்போம். அக்கதையில் பிரிட்டிஷ் அதிகாரி தந்தையின் இடத்தில் இருந்தார். திடலில் அத்தந்தை பிள்ளைகளைக் கணக்கெண்ணி அயலாரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் சென்றார். ஆட்டுமந்தையைக் கைமாற்றுவதுபோல் நாங்கள் கைமாற்றப்பட்டோம் என்னும் மனக்கசப்பு அங்கிருந்தவர்களின் பிற்காலக் கூற்றுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. சட்டப்படி ஹண்ட் தவறேதும் செய்யவில்லை; சரணடைந்த படையின் அதிகாரி வேறென்ன செய்ய முடியும்? எனினும் கதைமாந்தரின் இயல்பு அங்கே முறிந்தது. ஃபிஷர் கூறும் மூன்றாவது கூறு இதுவே.

இரண்டாவது கூறும் உடன் சேர்ந்தது. பிற கதைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் என்று அதனைக் குறிப்பிட்டோம். 1941 டிசம்பர் நடுவில் பினாங்கு குண்டுவீச்சுக்கு ஆளானபோது ஐரோப்பியர் இரவோடு இரவாகக் கப்பலேறினர். உள்ளூர் ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். இச்செய்தி மலாயா முழுவதும் பரவியிருந்தது. ஆகவே ஃபேரர் பார்க்கில் நடந்ததைக் கேட்போர் தனி நிகழ்ச்சியாகக் கொள்ளவில்லை. முன்னர் கேட்ட கதையின் அடுத்த அத்தியாயமாகவே கொண்டனர். இவற்றுக்கெல்லாம் அடியில் பொருத்தம் என்னும் வினாவும் இருந்தது. மன்னர் ஆணை பெற்ற இந்திய அதிகாரிகள் மலாயாவில் ஐரோப்பியர் மன்றங்கள் பலவற்றில் நுழைய முடியாதிருந்தனர். ஊதியத்திலும் வேறுபாடு கண்டனர். சமமான வீரன் என்னும் சொல்லை அவர்கள் அன்றாடம் பட்டு அறிந்த வாழ்க்கை பொய்யாக்கியிருந்தது. மோகன் சிங் அவர்களுக்குப் புதிய வாதம் எதனையும் தரவில்லை. அவர்கள் ஏற்கெனவே அறிந்த செய்திகளுக்கு ஓர் ஒழுங்கும் ஒரு முடிவும் தந்தார். அவ்வளவே.

ஆயினும் எல்லோரும் ஏற்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பாடநூல்கள் சில இதனை விரைந்து கடந்துவிடுகின்றன. 1942 செப்டம்பரில் முறைப்படி அமைந்த படையில் இருந்தோர் ஏறத்தாழ 16,000 பேர். திடலின் ஆரவாரத்தோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. மறுத்தவர்களும் இதே இரு வினாக்களைக் கேட்டே மறுத்தனர். அவர்கள் பட்டறிவு வேறாக இருந்தது. தந்தையும் பாட்டனும் பணியாற்றிய ரெஜிமெண்டின் பெயர் சிலருக்குக் குலப்பெயர் போன்றது. அதைவிட்டு நீங்குவது அவர்கள் கதையில் அவர்களையே இயல்பு மாறியவர்களாக ஆக்கிவிடும். மேலும், ஃபுஜிவாரா பேசியதற்கு மறுநாளே, பிப்ரவரி 18ஆம் நாள், நகரிலுள்ள சீன ஆடவரைத் திரட்டிப் பிரித்தெடுத்துக் கொல்லும் நடவடிக்கையை ஜப்பானியப் படை தொடங்கியது. ஆசியர் அனைவரும் உடன்பிறப்புகள் என்ற கதையைக் கேட்டவர்கள் அதன் மறுபக்கத்தையும் அடுத்தடுத்த நாள்களில் அறிந்துகொண்டனர்.

இருபக்கமும் சாய்ந்த ஒரு மனத்தைப் பார்க்க வேண்டுமானால் ஷா நவாஸ் கானைப் பார்க்கலாம். படைத்தொழிலையே மரபாகக் கொண்ட ராவல்பிண்டிப் பகுதிக் குடும்பம் அவருடையது. ஃபேரர் பார்க்கில் இருந்தார். கைமாற்றப்பட்ட இழிவை உணர்ந்தார். ஆயினும் மோகன் சிங்கின் அழைப்பை முதலில் எதிர்த்தார். ஜப்பானியரின் நோக்கத்தை அவர் நம்பவில்லை. பின்னர்ப் படையில் சேர்ந்தபோதும், உள்ளிருந்து தம் வீரர்களைக் காக்கவே சேர்ந்ததாகக் கூறினார். 1943இல் சுபாஷ் சந்திர போஸின் பேச்சைக் கேட்ட பின்னரே அவர் உள்ளம் முழுவதும் மாறியது. இடையில் புதிய சான்று ஏதும் கிடைத்துவிடவில்லை. மாறியது கதை சொல்பவர்மேல் கொண்ட நம்பிக்கைதான்.

முதற்படை ஏன் கலைந்தது என்பதையும் இதே அளவுகோல் விளக்குகிறது. 1942 ஜூனில் பாங்காக்கில் கூடிய இந்திய விடுதலைச் சங்க மாநாடு, இந்தியாவின் முழு விடுதலையையும் படையின் தனித்தகுதியையும் ஜப்பான் வெளிப்படையாக ஏற்க வேண்டும் எனத் தீர்மானங்கள் இயற்றியது. தோக்கியோவிலிருந்து தெளிவான விடை வரவில்லை. நட்பை உறுதிமொழிந்த ஃபுஜிவாராவும் மாற்றப்பட்டுவிட்டார். நண்பன் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டவன் வினவியபோதெல்லாம் மழுப்பினான். கதையின் முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் ஒட்டவில்லை. 1942 டிசம்பர் இறுதியில் மோகன் சிங் ஜப்பானியரால் கைது செய்யப்பட்டார், படையும் கலைந்தது. பிப்ரவரியில் பிரிட்டிஷ் கதையை உடைத்த அதே சோதனை டிசம்பரில் ஜப்பானியக் கதையையும் உடைத்தது என்று நாம் கருதுகிறோம்.

இனித் தமிழருக்கு வருவோம். 1943 ஜூலை 2ஆம் நாள் போஸ் சிங்கப்பூர் வந்திறங்கினார். ஜூலை 5ஆம் நாளும் 9ஆம் நாளும் பாடாங் திடலில் பேசினார். அவர் பேசியது இந்துஸ்தானியில். தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. கேட்போரில் பெருந்தொகையினர் தமிழர், அவர்களுள் பலர் வட இந்தியாவைக் கண்டறியாதவர், பலர் எழுத்தறியாதவர். அவ்வாண்டு இறுதிக்குள் மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் திரளாகப் படைக்கு வந்தார்கள். அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படைப்பிரிவின் பயிற்சிமுகாம் திறக்கப்பட்டது. சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அப்படைப்பிரிவில் பெரும்பான்மையினர் தமிழ்ப் பெண்கள்.

ஜான்சி ராணியின் கதை 1857ஆம் ஆண்டுக்குரியது. நடந்த இடம் இந்தியாவின் நடுப்பகுதி. தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அப்பெயர் ஏன் பொருளுடையதாக வேண்டும்? பெயர் புதிதாயினும் கதையின் உள்ளீடு அவளுக்குப் புதிதன்று என்பதே விடை. இதனை உணர 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தங்களை நினைவுகூர வேண்டும். ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில் தோட்டத் தொழிலாளர் விடுத்த கோரிக்கைகளில் ஊதிய உயர்வு இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இருந்தது. கொடிய தோட்ட அதிகாரிகளை நீக்க வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு மற்றொரு கோரிக்கையும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்பதற்குக் கூலிக்கணக்கில் மதிப்பு ஏதுமில்லை. பொருளியல் வாதம் அதனைக் காணாது. ஆனால் நாள்தோறும் இறங்கி நின்றவனுக்கு, தலைநிமிர்ந்து நடப்பது பற்றிய எந்தக் கதையும் உடனே விளங்கும். போஸின் பேச்சு அவனுக்குத் தரவேண்டியிருந்தது புதிய செய்தியன்று. இரண்டாண்டுகளுக்கு முன் குண்டுபட்டு நின்றுபோன கதையின் தொடர்ச்சி. ஃபிஷர் பொருத்தம் என்று குறிப்பது இதனையே. இந்துஸ்தானி அறியாதவர் எவ்வாறு அசைந்தனர் என்று வியப்பவர்கள் மொழிபெயர்ப்பாளரின் திறத்தை மட்டும் கருதினால் போதாது. கேட்டவரின் முன்வாழ்வையும் கருத வேண்டும்.

சொல்பவரின் இயல்பு என்னும் கூறுக்கும் அவ்வாண்டிலேயே ஒரு சோதனை வந்தது. டேங்க் ரோட்டிலுள்ள செட்டியார் கோயிலிலிருந்து போஸுக்கு அழைப்பு வந்தது. சாதி, சமய வேறுபாட்டால் சிலரை விலக்கும் இடத்திற்குத் தாம் வர இயலாது என்று அவர் மறுத்தார். அனைவரையும் ஏற்கும் தேசியக் கூட்டமாக அமைப்பதாகக் கோயிலார் இசைந்த பின்னரே சென்றார். உடன் சென்றவர்களில் ஆபித் ஹசன் போன்ற முஸ்லிம் அதிகாரிகளும் இருந்தனர். எல்லோர் நெற்றியிலும் திலகம் இடப்பட்டது. வெளியே வந்ததும் போஸ் அதனைத் துடைத்துக்கொள்ள, மற்றவரும் அவ்வாறே செய்தனர் என்று ஆபித் ஹசன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். ஒற்றுமை பற்றி நூறு மேடைகளில் பேசியதைவிட இச்செயல் வலிமையானது. பேச்சும் நடப்பும் ஒரே மனிதருடையவை என்பதை ஊரார் தம் கோயில் வாசலிலேயே கண்டனர். சாதி வேற்றுமை தோட்டத்து லயம்வரை தொடர்ந்து வந்திருந்த ஒரு சமூகத்தில் அது சிறு செய்தியாக இருந்திருக்க முடியாது.

போரில் அப்படை தோற்றது. எனினும் கதை தோற்கவில்லை என்பதைத் தில்லிச் செங்கோட்டை வழக்கு காட்டிற்று. 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரும் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றத்திற்காகப் படைநீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டனர். புலாபாய் தேசாய் பன்னாட்டுச் சட்டத்தின் துணைகொண்டு நுட்பமாக வாதிட்டார்: அடிமைப்பட்ட மக்கள் தம் விடுதலைக்காக அரசு அமைத்துப் போரிட்டால் அது குற்றமாகாது என்பது அவர் நிலை. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தெருவில் நின்ற மக்களோ அவ்வாதத்தைப் படித்தவர்கள் அல்லர். ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர் ஒரே கூண்டில் நிற்பதையே அவர்கள் கண்டனர். ஒரு முழுக்கதையாக அது அவர்களுக்கு விளங்கியது. 1946 ஜனவரியில் தளபதி ஆக்கின்லெக் மூவரின் ஆயுள் தண்டனையையும் நீக்கினார். அவர் நீக்கியது சட்டத்தின் பிழையால் அன்று. நாட்டின் மனநிலையால், குறிப்பாகப் படையின் மனநிலையால்.

இதனால் வாதமும் சான்றும் வேண்டாதன என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. ஃபிஷரும் அவ்வாறு கூறவில்லை. கண்ணகி பாண்டியன் அவையில் வென்றது முத்தா மணியா என்னும் ஒற்றைச் சான்றால்தான். ஆனால் அச்சான்று ஒரு கதையின் திருப்பமாக வந்ததால்தான் அது அவையை உலுக்கியது. வாதம் கதைக்கு வெளியே இல்லை. கதைக்குள் ஓர் உறுப்பாக இருக்கிறது.

கோட்பாட்டுக்கு உள்ள உண்மையான இடர்ப்பாடு வேறு. 1987இல் பார்பரா வார்னிக் என்னும் அறிஞர் அதனை எடுத்துக்காட்டினார். ஹிட்லர் எழுதிய நூலும் பல ஜெர்மானியருக்குத் தம் பட்டறிவோடு பொருந்துவதாகவே தோன்றியது. தோல்வியும் வேலையின்மையும் கண்டவர்கள் அதில் தம் கதையைக் கண்டனர். பொருத்தம் மட்டும் உண்மைக்குப் போதிய சான்றாகாது. கேட்போர் நல்ல கதையையே நாடுவர் என்று ஃபிஷர் மக்கள்மேல் வைத்த நம்பிக்கை மிகையானது என்பது வார்னிக்கின் கருத்து. இவ்விடத்தில் நாம் அவர் பக்கமே நிற்கிறோம். ஃபேரர் பார்க்கின் சான்றும் அதனையே வற்புறுத்துகிறது. பிரிட்டிஷார் கைவிட்டனர் என்னும் கசப்பு உண்மையானது. ஆனால் அக்கசப்போடு பொருந்தியதாலேயே ஜப்பானிய நட்பு உண்மையாகிவிடவில்லை. தன் புண்ணைச் சரியாகச் சுட்டிக்காட்டுபவன் தனக்கு மருந்தும் தருவான் என்று கேட்போர் எளிதில் முடிவுகட்டிவிடுகின்றனர். கதையைச் சோதிக்கும்போது மாணவர் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இதுவே. இக்கதை என்னை விளக்குகிறதா என்னும் வினாவோடு, இக்கதை எவரை விட்டுவிடுகிறது என்னும் வினாவையும் கேட்க வேண்டும். ஃபிஷர் கூறிய இரண்டாவது கூற்றுக்கு, அதாவது பிற கதைகளோடு ஒப்பிடுதலுக்கு, வகுப்பறையில் முதலிடம் தர வேண்டும் என்பது நம் எண்ணம். ஏனெனில் மற்றவற்றைப் போலன்றி அது தானாக நிகழ்வதில்லை. தேடிப் போனால்தான் பிற கதைகள் கிடைக்கும்.

1943இல் பாடாங்கில் கூடியவர்கள் கேட்க முடியாத ஒரு கதையும் அப்போது நடந்துகொண்டிருந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாதையை ஜப்பானியர் அமைத்துவந்தனர். போர்க்கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து கூலி ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர் அங்கே உழைத்தனர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டனர். மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்த அதே மக்களே அவர்கள். 1943 அக்டோபர் 17ஆம் நாள் பாதையின் இரு முனைகளும் காட்டிடையே இணைந்தன. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21ஆம் நாள், சிங்கப்பூரின் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. சயாம் பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளர்கள் படைவீரர் அல்லர்; ஆகவே கிராஞ்சிச் சுவர்களில் அவர்களுக்கு இடமில்லை. எஸ்பிளனேடில் தகர்க்கப்பட்ட சின்னமும் அவர்களுக்காக எழுப்பப்பட்டதன்று.